பழுதான மடிக்கணினியும் இரண்டு கைபேசிகளும்: கேமரா, டச்பேட், விசைப்பலகை ஆகியவற்றுக்கு மாற்று அமைத்த ஒரு நிகழ்வின் ஆய்வு

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு இணையவழி வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த ஒரு மாணவியின் மடிக்கணினியில் தண்ணீர் கொட்டியது. உலர வைத்த பிறகு கணினி இயங்கியது. திரையும் வைஃபையும் ஒலிவாங்கியும் வேலை செய்தன. டச்பேட் முற்றிலும் செயலிழந்திருந்தது. விசைப்பலகையில் பெரும்பாலான விசைகள் இயங்கினாலும் ஒரு சில மட்டும் எந்த எழுத்தையும் தரவில்லை. மூடியில் உள்ள கேமரா அதற்கு முன்பே பழுதாகியிருந்தது. பழுதுபார்க்கும் இடத்தில் உதிரி பாகம் வருவதற்குக் கேட்ட கால அவகாசம் தேர்வு நாளைத் தாண்டிச் சென்றது. அவரிடம் இருந்தவை ஆண்ட்ராய்டு 13 இயங்கும் ஒரு கைபேசியும், ஆண்ட்ராய்டு 10 இயங்கும் ஒரு பழைய கைபேசியும்தான். மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது.

கூட்டத்தில் நேரடியாகக் கைபேசியிலிருந்தே கலந்துகொண்டால் என்ன என்ற கேள்வி முதலில் எழுவது இயல்பு. தேர்வுக் குழு ஒருவருக்கு ஓர் உள்நுழைவை மட்டுமே அனுமதித்திருந்தது. மாணவியோ விளக்கப் படங்களைப் பகிர வேண்டும். தேர்வாளர் கேட்கும் பக்கத்தை ஆய்வேட்டில் தேடி எடுத்துக் காட்ட வேண்டும். தரவுக் கோப்புகளையும் திறக்க நேரிடலாம். எனவே கூட்டம் மடிக்கணினியில்தான் நடக்க வேண்டும். கேமராவுக்கும் டச்பேடுக்கும் செத்துப்போன விசைகளுக்கும் மட்டும் கைபேசிகள் மாற்றாக அமைய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இந்த வேலைக்கான செயலிகள் ஏராளமாக இருக்கின்றன. எந்தச் செயலி சிறந்தது என்று தேடத் தொடங்குவதைவிட, மடிக்கணினிக்கு இந்தக் கைபேசி எதுவாகத் தெரியப்போகிறது என்று முதலில் கேட்பது பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. கைபேசி ஓர் உண்மையான விசைப்பலகையாகவோ உண்மையான கேமராவாகவோ இயங்குதளத்தின் அடித்தளத்துக்குத் தெரிந்தால், உள்நுழைவுத் திரை, உலாவி, கூட்டச் செயலி என எல்லா இடத்திலும் அது வேலை செய்யும். கணினியில் ஓடும் ஒரு துணை நிரலுடன் பேசும் செயலியாக மட்டும் தெரிந்தால், அந்த நிரல் எப்போது ஓடுகிறதோ, எந்த வலையமைப்பு அதை அனுமதிக்கிறதோ, அந்த எல்லைக்குள் மட்டுமே வேலை செய்யும். இந்த நிகழ்வில் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தன.

பழுது எங்கே இருந்தது

மாற்று ஏற்பாட்டில் இறங்குமுன், பழுது வன்பொருளிலா மென்பொருளிலா என்று பிரித்தறிவது அவசியம். அதற்கு மூன்று கட்டளைகள் போதுமானவையாக இருந்தன. அவற்றைத் தட்டச்சு செய்வதற்காகக் கம்பி விசைப்பலகை ஒன்றையும் சுட்டி ஒன்றையும் சிறிது நேரத்துக்கு இரவல் வாங்கியிருந்தோம்.

```
lsusb
v4l2-ctl --list-devices
sudo libinput list-devices
```

மடிக்கணினியின் மூடிக்குள் இருக்கும் கேமரா பெரும்பாலும் உள்ளே யுஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டிருக்கும். அதற்கான மெல்லிய கம்பி மூடியின் கீல் வழியாகச் செல்வதால், திறந்து மூடும்போதெல்லாம் மடிந்து மடிந்து நாளடைவில் தேய்ந்து அறுந்துபோவதுண்டு. முதல் கட்டளையின் பட்டியலில் கேமராவே இல்லாவிட்டால், இயக்கி நிரலைத் திரும்ப நிறுவுவதால் பயனில்லை; பயாஸ் அமைப்பிலோ பக்கவாட்டுப் பொத்தானிலோ கேமரா அணைக்கப்படவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு அடுத்த வழியைப் பார்க்கலாம். இங்கே இரண்டும் சரியாகவே இருந்தன, கேமரா மட்டும் பட்டியலில் இல்லை. மூன்றாவது கட்டளையின் பட்டியலில் டச்பேடும் இல்லை.

விசைப்பலகையின் நிலை வேறு. அதற்குள் விசைகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி கிடையாது. அவை நிரைகளும் நிரல்களுமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் தடங்களில் கோக்கப்பட்டிருக்கும். ஒரு தடம் அரித்துப்போனால் அதில் உள்ள விசைகள் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். பக்கத்தில் உள்ளவை நன்றாக இயங்கும். பழுதான விசைகள் விசைப்பலகையின் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடப்பது இதனால்தான். அப்படிச் செத்த விசைகளில் இரண்டு மாணவியின் கடவுச்சொல்லில் இருந்த எழுத்துகள். ஆக, கணினிக்குள் நுழைவதற்கே மாற்று வழி தேவைப்பட்டது. டச்பேடும் இல்லாததால் திரை விசைப்பலகையைச் சொடுக்கி எழுதவும் வழியில்லை.

முதல் முயற்சி: வலையமைப்பு வழியான தொலைக் கட்டுப்பாடு

இரவல் விசைப்பலகையில் கடவுச்சொல்லைத் தந்து கணினிக்குள் நுழைந்தோம். மாணவி முன்பே அறிந்திருந்த கேடிஇ கனெக்டை முதலில் முயன்றோம். கணினியிலும் கைபேசியிலும் அதை நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்து, இணைப்புக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டால், கைபேசித் திரையில் விரலை நகர்த்துவது கணினியில் சுட்டியின் நகர்வாக மாறும். இரண்டு விரல்களால் தள்ளினால் பக்கம் உருளும். வீட்டு வலையமைப்பில் இது எந்தச் சிரமமும் இல்லாமல் வேலை செய்தது.

ஆனால் இரண்டு எல்லைகள் விரைவிலேயே தெரிந்தன. முதலாவது, தேர்வுக்காக அவர் அமரவிருந்த ஆய்வகத்தின் வைஃபையில் கைபேசியும் கணினியும் ஒன்றையொன்று காணவே இல்லை. இரண்டிலும் இணையம் வந்தது; பட்டியலில் மட்டும் சாதனம் தோன்றவில்லை. நிறுவன வலையமைப்புகள் பலவற்றில், இணைந்திருக்கும் சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். கைபேசியின் ஐபி முகவரிக்குக் கணினியிலிருந்து `ping` அனுப்பிப் பார்த்து, பதில் வராவிட்டால் இந்தத் தடுப்பை ஊகிக்கலாம். பதில் வந்தும் செயலி காணவில்லை என்றால் கணினியின் தீயரணைச் சந்தேகிக்க வேண்டும். கேடிஇ கனெக்ட் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளை டிசிபி, யுடிபி இரண்டிலும் பயன்படுத்துகிறது. எங்களுக்குப் பதில் வரவில்லை. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்தால் இந்தத் தடை நீங்கும் என்றாலும், முழுத் தேர்வையும் கைபேசியின் இணையத்தில் நடத்த மாணவி விரும்பவில்லை. அது நியாயமான தயக்கம்.

இரண்டாவது எல்லை இன்னும் அடிப்படையானது. கேடிஇ கனெக்ட் பயனரின் அமர்வுக்குள் ஓடும் நிரல். உள்நுழைந்த பிறகுதான் அது உயிர்பெறும். தேர்வுக்கு நடுவே கணினி தானாகப் பூட்டிக்கொண்டாலோ மறுதொடக்கம் ஆனாலோ, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வதற்கு அதை நம்பியிருக்க முடியாது. வேலண்ட் திரையமைப்பில் வெளியிலிருந்து சுட்டியை இயக்க ஒரு நிரல் முனையும்போது, அனுமதி கேட்டுத் திரையில் ஒரு சாளரம் எழுவதும் உண்டு. அதற்கு விடையளிக்கவும் ஏற்கெனவே வேலை செய்யும் ஓர் உள்ளீட்டுக் கருவி வேண்டும். இந்த வழி வசதிக்கு ஏற்றது. வேறு டச்பேடே இல்லாத கணினிக்கு இதை மட்டும் ஆதாரமாக வைப்பது பொருந்தாது.

இரண்டாவது வழி: புளூடூத் விசைப்பலகையாக மாறும் கைபேசி

ஆண்ட்ராய்டு 9 முதல், புளூடூத் எச்ஐடி எனப்படும் வரையறையின்படி கைபேசி தன்னை ஒரு விசைப்பலகையாகவும் சுட்டியாகவும் அறிவித்துக்கொள்ள செயலிகளுக்கு வசதி தரப்பட்டிருக்கிறது. கடையில் வாங்கும் புளூடூத் விசைப்பலகை பேசுவதும் இதே வரையறையைத்தான். அதனால் கணினியில் எந்த நிரலையும் நிறுவ வேண்டியதில்லை, வலையமைப்பும் தேவையில்லை. லினக்ஸில் புளூடூத் சேவை கணினி தொடங்கும்போதே எழுந்துவிடுவதால், ஒருமுறை இணைத்துவைத்த கைபேசி உள்நுழைவுத் திரையிலும் இயங்கும். சில கைபேசித் தயாரிப்பாளர்கள் இந்த வசதியை அணைத்து வெளியிடுகிறார்கள் என்பதால், எந்தக் கைபேசியிலும் இது நிச்சயம் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. மாணவியின் பழைய ஆண்ட்ராய்டு 10 கைபேசியில் இது இருந்தது. ஐஃபோனில் செயலிகளுக்கு இந்த அனுமதி கிடையாது. அங்கே தொலைச்சுட்டிச் செயலிகள் எல்லாம் கணினியில் ஒரு துணை நிரலை எதிர்பார்ப்பவையே.

செயலியை நிறுவி இணைக்க முயன்றபோது, கைபேசி கணினியுடன் இணைந்ததாகக் காட்டியது. சுட்டி மட்டும் நகரவில்லை. காரணம் பழைய இணைப்பு. கோப்புகளை அனுப்புவதற்காக அந்தக் கைபேசி எப்போதோ அதே கணினியுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஒரு சாதனம் என்னென்ன சேவைகளைத் தருகிறது என்பதைக் கணினி முதல் இணைப்பின்போது கேட்டறிந்து குறித்துவைத்துக்கொள்ளும்; அந்தக் குறிப்பில் விசைப்பலகை என்ற சேவை இல்லை. தீர்வு, பழைய இணைப்பை இரு பக்கமும் நீக்கிவிட்டு, கைபேசியில் செயலியைத் திறந்து வைத்த நிலையில் புதிதாக இணைப்பது. கீழே முகவரிக்குப் பதிலாக உங்கள் கைபேசியின் புளூடூத் முகவரியை இட வேண்டும்.

```
bluetoothctl
remove AA:BB:CC:DD:EE:FF
scan on
pair AA:BB:CC:DD:EE:FF
trust AA:BB:CC:DD:EE:FF
info AA:BB:CC:DD:EE:FF
```

கடைசிக் கட்டளையின் விடையில் `Human Interface Device` என்ற வரி இருந்தால் கைபேசியைக் கணினி உள்ளீட்டுக் கருவியாக ஏற்றுக்கொண்டது என்று பொருள். அந்த வரி இல்லாதவரை செயலியில் வேறு எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் கிடைக்காது. வரி தோன்றியவுடன் சுட்டி நகர்ந்தது. கணினியை மறுதொடக்கம் செய்து, உள்நுழைவுத் திரையில் கைபேசியிலிருந்தே மீண்டும் இணைத்தோம். சுட்டி அங்கேயும் இயங்கியது.

கடவுச்சொல் மட்டும் தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது. கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் குறியைச் சொடுக்கி எழுத்துகளை வெளிப்படையாகப் பார்த்தபோது, `@` இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி இருந்தது. இதன் காரணத்தைப் புரிந்துகொள்வது தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மிகவும் உதவும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எச்ஐடி விசைப்பலகை கணினிக்கு எழுத்துகளை அனுப்புவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணை எந்த எழுத்தாக மாற்றுவது என்பதைக் கணினியில் தேர்ந்தெடுத்துள்ள விசைப்பலகைத் தளவமைப்பு முடிவு செய்கிறது. கைபேசிச் செயலி அமெரிக்கத் தளவமைப்பை அடிப்படையாக வைத்து, `@` என்பதற்கு ஷிஃப்டுடன் 2 என்ற விசையை அனுப்பியது. கணினி பிரிட்டிஷ் தளவமைப்பில் இருந்தது. அதில் ஷிஃப்டுடன் 2 என்பது இரட்டை மேற்கோள். செயலியின் அமைப்பில் தளவமைப்பைப் பிரிட்டிஷ் என்று மாற்றியதும் கடவுச்சொல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதே காரணத்தால், கைபேசியின் தமிழ் விசைப்பலகையில் எழுதும் தமிழ் எழுத்துகள் புளூடூத் வழியாகக் கணினிக்குச் செல்லாது; அவற்றுக்கு எச்ஐடியில் எண்ணே கிடையாது. கணினியில் தமிழ்99 தளவமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கைபேசியில் ஆங்கில h விசையைத் தட்டினால் கணினியில் க என்று விழும். தளவமைப்பு மனப்பாடமாக உள்ளவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் கைபேசியில் தமிழில் எழுதி நகலெடுத்து, கேடிஇ கனெக்டின் மூலம் கணினியின் ஒட்டுப்பலகைக்கு அனுப்பி, அங்கே ஒட்டுவதுதான் நம்பகமான வழி. ஆண்ட்ராய்டு 10 முதல் பின்னணியில் உள்ள செயலிகள் ஒட்டுப்பலகையைப் படிக்க முடியாது என்பதால், செயலிக்குள் சென்று ஒட்டுப்பலகையை அனுப்பும் பொத்தானை ஒவ்வொரு முறையும் நாமே அழுத்த வேண்டும். மாணவி தேர்வின்போது தமிழ் மேற்கோள்களைத் தேடுவதற்கு இந்த இரண்டாவது முறையையே வைத்துக்கொண்டார். வலையமைப்புத் தடுப்பு இருந்ததால், தேவையான சொற்களை முதல் நாளே வீட்டிலிருந்து அனுப்பி ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டார்.

பயன்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. விசைப்பலகையாகப் பதிவுசெய்துகொண்ட செயலி திரையின் முன்னால் இருக்கும்வரைதான் ஆண்ட்ராய்டு அந்தப் பதிவை வைத்திருக்கும். ஓர் அழைப்பு வந்து செயலி பின்னுக்குச் சென்றாலோ திரை அணைந்தாலோ இணைப்பு அறுந்து, மறுபடி இணைய நேரம் பிடிக்கும். எனவே பழைய கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, புளூடூத்தை மட்டும் இயக்கி, திரை அணையாதபடி செயலியிலேயே அமைத்தோம். இங்கேயே இன்னொரு முடிவும் தெளிவாகிவிட்டது: டச்பேடாக இருக்கும் கைபேசி கையில் இருக்க வேண்டும், செயலி முன்னால் இருக்க வேண்டும், கேமராவாக இருக்கும் கைபேசி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு பணிகளையும் ஒரே கைபேசிக்குக் கொடுக்க முடியாது. நல்ல கேமரா கொண்ட புதிய கைபேசி வெப்கேமுக்கு, பழையது டச்பேடுக்கு என்று பிரித்தோம்.

கேமரா

கேமராவிலும் அதே கேள்விதான்: கணினிக்குக் கைபேசி எதுவாகத் தெரிகிறது? ஆண்ட்ராய்டு 14 முதல், யுஎஸ்பி கம்பியைச் செருகி வெப்கேம் என்று தேர்ந்தெடுத்தாலே கைபேசி சாதாரண யுஎஸ்பி கேமராவாகத் தெரியும் வசதி வந்திருக்கிறது. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைச் சேர்ப்பதில்லை. ஆப்பிள் கருவிகளில் மேக்ஓஎஸ் வென்சுராவும் ஐஓஎஸ் 16ம் வந்த 2022 முதல் இதற்கு ஈடான வசதி இயங்குதளத்திலேயே உள்ளது. இங்கிருந்த கைபேசியோ ஆண்ட்ராய்டு 13. ஆகவே scrcpy என்ற திறந்த மூல நிரலைத் தேர்ந்தெடுத்தோம். கைபேசித் திரையைக் கணினியில் காட்டுவதற்காக எழுதப்பட்ட அது, 2.2 பதிப்பு முதல், ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய கைபேசிகளின் கேமராவையும் நேரடியாக எடுத்துத் தருகிறது. உபுண்டுவின் களஞ்சியத்தில் கிடைத்த பதிப்பு அதைவிடப் பழையது. `scrcpy --version` காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, புதிய பதிப்பைத் திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து எடுத்தோம்.

scrcpy எடுத்துத் தரும் காட்சியை உலாவி ஒரு கேமராவாகக் காண வேண்டுமானால் நடுவே ஒரு மெய்நிகர் கேமரா வேண்டும். லினக்ஸில் அதைத் தருவது v4l2loopback என்ற கருநிரல் தொகுதி. அதை நிறுவி ஏற்ற முயன்றபோது `Key was rejected by service` என்ற பிழை வந்தது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், ஏற்கெனவே பதிவான சாவியால் கையொப்பமிடப்படாத தொகுதிகளைக் கருநிரல் ஏற்காது. உபுண்டுவில் இத்தகைய தொகுதியை நிறுவும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லைக் கேட்கும். மறுதொடக்கத்தில் எழும் நீல நிறத் திரையில் `Enroll MOK` என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தந்தால் கையொப்பச் சாவி பதிவாகிவிடும். நீலத் திரையைக் கவனிக்காமல் விட்டால் சாவி பதிவாகாது, பிழையும் நீங்காது.

அந்த நீலத் திரை லினக்ஸ் தொடங்குவதற்கு முன்பே வருவது. அங்கே புளூடூத் கிடையாது, புளூடூத் விசைப்பலகையாக மாறிய கைபேசியும் கிடையாது. கம்பி விசைப்பலகை கையில் இல்லாதபோது மடிக்கணினியின் சொந்த விசைகள் மட்டுமே பயன்படும். எனவே தற்காலிகக் கடவுச்சொல்லை, வேலை செய்யும் எண் விசைகளை மட்டும் கொண்டு, தேவையான எட்டு எழுத்து நீளத்துக்கு அமைத்தோம். வன்தட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்ட கணினியாக இருந்திருந்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் இதே சிக்கல் வந்திருக்கும். அத்தகைய கணினியில் விசைப்பலகை பழுதாகும்போது கம்பி விசைப்பலகை ஒன்றை வாங்குவதே சரியான முடிவு, கைபேசி அதற்கு ஈடாகாது.

சாவி பதிவான பின், கைபேசியில் யுஎஸ்பி பிழைதிருத்தத்தை இயக்கி, கம்பியைச் செருகி, கைபேசித் திரையில் எழுந்த அனுமதியை ஏற்றுக்கொண்டு, இந்த இரண்டு கட்டளைகளையும் தந்தோம்.

```
sudo modprobe v4l2loopback video_nr=10 \
  card_label="Phone" exclusive_caps=1
scrcpy --video-source=camera --camera-facing=back \
  --camera-size=1280x720 --no-audio \
  --v4l2-sink=/dev/video10 --no-video-playback
```

`adb devices` என்ற கட்டளையில் கைபேசி தோன்றாவிட்டால் முதலில் கம்பியைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். மின்னேற்றத்துக்கு மட்டுமான கம்பிகளில் தரவுக்கான இழைகளே இருக்காது. கைபேசி மின்னேற்றம் பெறுவதைப் பார்த்து இணைப்பு சரியாக இருப்பதாக நம்பிவிடுவோம். முதல் கட்டளையில் உள்ள `exclusive_caps=1` என்பதை விடக் கூடாது. மெய்நிகர் கேமரா இயல்பாகக் காட்சியை வாங்கும் முனை, தரும் முனை என இரண்டாகவும் தன்னை அறிவித்துக்கொள்ளும். குரோம் போன்ற உலாவிகள் அப்படிப்பட்ட சாதனத்தைக் கேமராப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இந்த அமைப்பைத் தந்தால், காட்சி வரத் தொடங்கியதும் அது கேமராவாக மட்டும் அறிவித்துக்கொள்கிறது. அதன் விளைவாக வரிசையும் முக்கியமாகிறது: முதலில் scrcpy ஓட வேண்டும், பிறகே கூட்டப் பக்கத்தைத் திறக்க வேண்டும். நடுவில் கம்பி அசைந்து scrcpy நின்றுபோனால், அதை மீண்டும் ஓட்டிவிட்டு உலாவிப் பக்கத்தையும் புதுப்பிக்க வேண்டும்.

1280க்கு 720 என்ற அளவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கூட்டச் சேவைகள் எப்படியும் காட்சியைச் சுருக்கியே அனுப்புகின்றன. இதைவிடப் பெரிய அளவு மறுமுனையைச் சென்றடைவது அரிது. ஆனால் கைபேசிக்கு அது கூடுதல் சுமை. மின்னேற்றம், கேமரா, காட்சிக் குறியாக்கம் மூன்றும் ஒருசேர நடக்கும்போது கைபேசி சூடாகும். ஓர் எல்லைக்கு மேல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் சீராக ஓடிய காட்சி நேரம் செல்லச் செல்லத் தத்தித் தத்தி நகர்ந்தால், இணையத்தைக் குறை சொல்லுமுன் கைபேசியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒத்திகையில் முழு உயர்தெளிவு அளவில் அப்படியே நடந்தது. அளவைக் குறைத்து, உறையைக் கழற்றி, காற்றோட்டமான தாங்கியில் கிடைமட்டமாக வைத்த பிறகு தேர்வு நேர அளவுக்கும் மேலாக நடத்திய ஒத்திகையில் காட்சி சீராகவே இருந்தது.

குரலும் உதடும்

ஒத்திகையின்போது எதிர்முனையில் அமர்ந்து பார்த்த தோழி, காட்சி தெளிவாக இருக்கிறது, ஆனால் பேச்சு எங்கோ ஒட்டவில்லை என்றார். இந்தக் குறையைப் பெரும்பாலோர் இணையத்தின் மேல் சுமத்துகிறார்கள். கைபேசி வெப்கேமில் இது அமைப்பிலேயே உள்ள குறை. காட்சி கைபேசியில் எடுக்கப்பட்டு, குறியாக்கம் பெற்று, கணினியில் விரிக்கப்பட்டு, மெய்நிகர் கேமரா வழியாக உலாவியை அடைகிறது. குரலோ கணினியின் ஒலிவாங்கியிலிருந்து நேராக வருகிறது. எனவே எப்போதும் குரல் முன்னும் உதட்டசைவு பின்னுமாகத்தான் பிசகு நேரும். மனிதர்கள் அதிகம் சகிக்காத திசையும் அதுவே. இயற்கையில் ஒளி முந்தும், ஒலி பிந்தும். அந்த வரிசைக்குப் பழகிய நமக்கு, ஒலி முந்துவது விரைவில் உறுத்திவிடுகிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு ஒளிபரப்புத் துறைக்குத் தந்த பரிந்துரை பிடி.1359 இதை எண்களில் சொல்கிறது: ஒலி ஏறத்தாழ 45 மில்லி வினாடி முந்தினாலே கவனத்துக்கு வரும்; பிந்தினால் 125 வரை தெரியாது.

பிசகை அளக்க எளிய வழி, கூட்டத்தைப் பதிவு செய்து கேமராவுக்கு முன் கை தட்டுவது. பதிவை ஒவ்வொரு காட்சிச் சட்டமாக நகர்த்திப் பார்த்தால், ஓசை வந்த பிறகு எத்தனை சட்டங்கள் கழித்துக் கைகள் சேர்கின்றன என்று தெரியும். வினாடிக்கு 30 சட்டங்கள் என்றால் ஒரு சட்டம் ஏறத்தாழ 33 மில்லி வினாடி. கம்பி வழியில் எங்கள் பதிவில் வேறுபாடு இரண்டு, மூன்று சட்டங்களாக இருந்தது. ஒப்பிடுவதற்காக வைஃபை வழியாக வேறொரு வெப்கேம் செயலியைச் சோதித்தபோது அது இன்னும் கூடியதோடு நிலையாகவும் இல்லை. ஒருமுறை சரியாகவும் மறுமுறை மோசமாகவும் இருந்தது. நிலையான பிசகைத் திருத்த முடியும், அலையும் பிசகைத் திருத்த முடியாது. கம்பியையே உறுதி செய்ததற்கு இதுவே முதன்மையான காரணம். கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து அழைப்புகளைத் தவிர்க்க முடிந்தது உடன் கிடைத்த நன்மை.

எஞ்சியிருந்த பிசகைப் போக்க, ஒலிவாங்கியின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தித் தரும் ஓர் இடைநிலையை அமைத்தோம். பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டிலுமே ஒலியை ஒரு மெய்நிகர் முனை வழியாகச் செலுத்தும் லூப்பேக் தொகுதி உண்டு. அதில் தாமதத்தை மில்லி வினாடியில் குறிப்பிடலாம். கை தட்டும் சோதனையில் ஓசையும் கைகளும் ஒரே சட்டத்தில் விழும்வரை எண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்தி, கூட்டச் செயலியில் அந்த மெய்நிகர் முனையை ஒலிவாங்கியாகத் தேர்ந்தெடுத்தோம். அளவுக்கு மீறித் தாமதப்படுத்தினால் உரையாடலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், தேவையான அளவுக்கு ஒரு சட்டம் கூட மிகாமல் நிறுத்திக்கொள்வது நல்லது.

தேர்வும் அதன் பிறகும்

தேர்வின் தொடக்கத்தில் ஒரு தேர்வாளர் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். தன் திரையில் எழுத்துகள் இடவலமாக மாறித் தெரிந்ததால் மாணவி சற்றுத் தடுமாறினார். கூட்டச் செயலி நமக்குக் காட்டும் முன்னோட்டத்தை மட்டுமே கண்ணாடிபோலத் திருப்புகிறது. மறுமுனைக்கு எழுத்துகள் நேராகவே சென்றன, தேர்வாளர் படித்தும்விட்டார். விளக்கப் படங்களைப் பழைய கைபேசியின் டச்பேடாலேயே நகர்த்தினார். பக்கம் மாற்ற மட்டும், வேலை செய்யும் அம்புக்குறி விசைகளைப் பயன்படுத்தினார். நடுவில் ஒருமுறை திரை பூட்டிக்கொண்டபோது, கைபேசியிலிருந்தே கடவுச்சொல்லைத் தந்து உடனே திரும்பினார். முதலில் முயன்ற வழியோடு நின்றிருந்தால் அந்த இடத்தில் தேர்வு தடைபட்டிருக்கும்.

தேர்வு முடிந்த அன்றே சில அமைப்புகளை நீக்கும்படி அவரிடம் சொன்னேன். யுஎஸ்பி பிழைதிருத்தம் இயங்கும் கைபேசியில், அனுமதி பெற்ற கணினி கோப்புகளை எடுக்கவும் செயலிகளை நிறுவவும் முடியும். ஆகவே அதை அணைத்து, முன்பு தந்த அனுமதிகளை டெவலப்பர் அமைப்பிலிருந்து திரும்பப் பெற வேண்டும். விசைப்பலகையாக இணைக்கப்பட்ட பழைய கைபேசியை யார் எடுத்துத் திறந்தாலும், அருகில் பூட்டாமல் இருக்கும் கணினியில் எதையும் தட்டச்சு செய்ய அவர்களால் இயலும். கணினி அதைச் சொந்த விசைப்பலகை போலவே நம்பும். மடிக்கணினிக்குப் புதிய விசைப்பலகையும் டச்பேடும் பொருத்தப்படும்வரை அந்த இணைப்பு தேவைப்பட்டதால், அதுவரை பழைய கைபேசிக்குத் திரைப்பூட்டு வைத்துக்கொண்டு, பழுது சரியான பின் `bluetoothctl remove` கட்டளையால் நீக்கிவிட்டார். கேமரா அமைப்பை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். கீல் கம்பியை மாற்றுவதற்கு மூடி முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது. கைபேசி தரும் காட்சி மடிக்கணினியின் பழைய கேமராவைவிடத் தெளிவாக இருந்ததால் அந்தச் செலவு தேவையில்லை என்று முடிவு செய்தார்.